குடத்தின் கழுத்து

காலரா வந்த வீட்டில் மற்றவர்களுக்கும் அது ஏன் தொற்றுகிறது என்று கொல்கத்தா குடிசைப் பகுதிகளில் ஆராய்ந்த மருத்துவர்கள் 1986இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நோயாளி இருந்த வீடுகளை மூன்றாகப் பிரித்தார்கள். சில வீடுகளில் சேமித்த தண்ணீரில் குளோரின் கலந்தார்கள். சில வீடுகளுக்குக் கழுத்துக் குறுகிய ‘சொராய்’ என்ற மண் கூஜாவை மட்டும் கொடுத்தார்கள். மீதி வீடுகள் வழக்கம்போல இருந்தன. அந்த மீதி வீடுகளில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்குக் கிருமி தொற்றியது. குளோரின் வீடுகளில் அது 7, கூஜா வீடுகளில் 4.

காரணம் கைதான். அரிசி கழுவிய தண்ணீர்போலப் போகும் காலரா பேதியில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். நோயாளியின் துணியை அலசியவர் கையைச் சரியாகக் கழுவாமல் அண்டாவில் டம்ளரை விட்டு மொண்டால், நகக்கண்ணில் ஒட்டியது தண்ணீரில் இறங்கிவிடும். கூஜாவில் கை நுழையாது. சாய்த்து ஊற்றித்தான் ஆக வேண்டும்.

டைபாய்டுக்கும் இதே பாதைதான். ஆனால் அதில் ஒரு சூது உண்டு. காய்ச்சல் விட்ட பிறகும் சிலருடைய பித்தப்பையில் கிருமி தங்கி, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மலத்தில் வெளியேறும். அதனால் ‘வீட்டில் யாருக்கும் நோயில்லையே’ என்று அசட்டையாக இருக்க முடியாது.

தண்ணீர் வீட்டுக்குள் வருமுன்பே கெடுவதும் உண்டு. நம் ஊர்களில் குடிநீர்க் குழாய் பல இடங்களில் சாக்கடையை ஒட்டியே போகிறது. தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகி, விரிசல் வழியே சாக்கடையை உள்ளே இழுக்கும். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இழுப்பு இன்னும் கூடும். தண்ணீர் விட்டதும் முதல் குடம் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தால் அதைக் குடிக்கப் பிடிக்கக் கூடாது. உடனே புகார் சொல்ல வேண்டும்.

தெளிவாக வந்தாலும் நம்பிவிட முடியாது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சோதனை மருந்தைச் சில சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். தொட்டி அருகே மஞ்சள் காட்டிய தண்ணீர் ஒரு தெருவில் மட்டும் நிறம் மாறாமல் இருந்தால், அந்தத் தெருவில் ஏதோ அழுக்கு கலந்து குளோரினைத் தின்றிருக்கலாம். முதலில் அங்கேதான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

சந்தேகமிருந்தால் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். அது உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லும். ஆனால் பிறகு விழும் கிருமியைத் தடுக்காது. ஆறவைத்த தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி எல்லோரும் கைவிட்டு மொண்டால், எரித்த கேஸ் வீண். கூஜாவோ குழாய் வைத்த டிரம்மோ இல்லாத வீட்டில், நீளக் காம்புள்ள அகப்பை ஒன்றை ஆணியில் மாட்டி, குடிதண்ணீர் மொள்ள மட்டும் வைத்துக்கொள்ளலாம்.