குயிக் காஸ்ட், நார்மல் காஸ்ட்: எந்த ஸ்கில்லுக்கு எது?

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் கணினி விளையாட்டு. 2009-இல் ரயட் கேம்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. ஒவ்வொருவரும் சாம்பியன் எனப்படும் ஒரு பாத்திரத்தை இயக்குகிறார். அதன் நான்கு முக்கிய ஸ்கில்கள் Q, W, E, R விசைகளில் இருக்கின்றன. விசையை அழுத்தியதும் ஸ்கில் எப்படி வெளிப்பட வேண்டும் என்பதை ஆடுபவரே அமைத்துக்கொள்ளலாம்.

நார்மல் காஸ்ட்டில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். விசையை அழுத்தினால் ஸ்கில் எவ்வளவு தூரம் எட்டும், எவ்வளவு அகலம் என்பதைக் காட்டும் கோடு திரையில் தோன்றும். இடது கிளிக் செய்தால்தான் ஸ்கில் வெளிப்படும். மனம் மாறினால் வலது கிளிக்கில் ரத்து செய்யலாம். இந்தக் கோடு எதிரிகளின் கண்ணுக்குத் தெரியாது. குயிக் காஸ்ட்டில் இரண்டாவது கட்டமே இல்லை. விசையை அழுத்திய கணத்தில் கர்சர் எங்கே இருக்கிறதோ அந்தத் திசைக்கு ஸ்கில் பாய்ந்துவிடும்.

ஒரு கிளிக் குறைவதால் கிடைக்கும் நேரம் மிகச் சிறியது. ஆனால் இந்த விளையாட்டில் வழக்கமாக நடப்பதற்கும் வலது கிளிக்தான். நார்மல் காஸ்ட்டில் மவுஸ் விரல்கள் நடக்க ஒரு கிளிக், சுட ஒரு கிளிக் என்று மாறிமாறி ஓட வேண்டும். குயிக் காஸ்ட்டில் சுடும் வேலை இடது கைக்குப் போய்விடுவதால், வலது கை நடையைக் கவனித்துக்கொள்கிறது. நகர்ந்துகொண்டே தாக்குபவர்களுக்கு இதுதான் உண்மையான லாபம்.

எஸ்ரியல் என்ற சாம்பியனை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அவனுடைய Q நேர்கோட்டில் பாய்ந்து, முதலில் எதிர்ப்படும் எதிரியைத் தாக்கும். அது பட்டால் மற்ற ஸ்கில்களின் காத்திருப்பு நேரமும் குறையும். அதனால் ஒரு சண்டையில் Q திரும்பத் திரும்ப அழுத்தப்படும். தூரமும் விரைவில் கைக்குப் பழகிவிடும். இதற்குக் குயிக் காஸ்ட்டே பொருத்தம்.

E-யில் ஒரு கண்ணி இருக்கிறது. அது எஸ்ரியலைக் கர்சர் இருக்கும் பக்கம் தாவ வைக்கும். Q-வைக் குறிபார்த்துக்கொண்டிருக்கும்போது கர்சர் எதிரியின் மேல்தான் இருக்கும். அப்போது தப்பிக்க நினைத்துக் குயிக் காஸ்ட்டில் E-யை அழுத்தினால், அவன் எதிரியை நோக்கியே தாவிவிடுவான். தப்பிக்கும் தாவலுக்கும் வேகம் வேண்டும் என்பதால் இங்கேயும் குயிக் காஸ்ட் நல்லதுதான். ஆனால் கர்சரைப் பின்பக்கம் கொண்டுபோன பிறகே விசையைத் தொடும் பழக்கம் வேண்டும். R-இன் கதை வேறு. அந்த அகன்ற அலை வரைபடம் முழுவதையும் கடந்து செல்லும், கிளம்பச் சிறிது நேரம் எடுக்கும், மறுபடி கிடைக்க நீண்ட நேரமாகும். தொலைவிலிருக்கும் எதிரியை நோக்கி எய்யும்போது கோட்டைப் பார்த்துத் திருத்துவது பயன் தரும். அதற்கு நார்மல் காஸ்ட் தாமதமே அல்ல.

துணைப் பாத்திரமான லூலுவை ஆடுபவருக்குக் கணக்கு மாறுகிறது. அவளுடைய E நண்பன் மேல் பட்டால் கவசம், எதிரி மேல் பட்டால் அடி. பத்துப் பேரும் நெருங்கி நிற்கும் சண்டையில் கர்சர் சற்று விலகினாலும் குயிக் காஸ்ட்டில் கவசம் வீணாகும். நார்மல் காஸ்ட்டில் கிளிக் செய்யும் முன் யார் மேல் விழப்போகிறது என்பதைச் சரிபார்க்க முடியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் வழியும் உண்டு. கோடு காட்டும் குயிக் காஸ்ட்டில் விசையை அழுத்திப் பிடித்தால் கோடு தெரியும், விட்டால் ஸ்கில் வெளிப்படும். இடது கிளிக் தேவையில்லை. ஆனால் விரலை எடுக்கும்போதுதான் ஸ்கில் கிளம்புவதால், தூய குயிக் காஸ்ட்டைவிட ஒரு நொடித்துளி பின்தங்கும். புதிய சாம்பியனின் தூரங்களைக் கற்கும் காலத்துக்கு இது ஏற்றது.

அமைப்புகளில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். நான்கையும் ஒரே முறையில் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்த ஸ்கில்லை மாற்றுவது என்பதை அது தவறும் விதமே சொல்லும். குறி சரியாக இருந்தும் கிளிக் செய்வதற்குள் எதிரி விலகிவிட்டால், அந்த ஸ்கில் குயிக் காஸ்ட்டுக்குப் போகலாம். எதிரிக்குச் சற்று முன்னாலேயே ஸ்கில் முடிந்துவிட்டால், ஆடுபவருக்குத் தூரம் இன்னும் பிடிபடவில்லை, கோடு தேவைப்படுகிறது. தவறான ஆள் மேல் விழுந்தாலோ, அழுத்தியபின் வருத்தம் வந்தாலோ நார்மல் காஸ்ட்டே பாதுகாப்பு. குறிவைக்கத் தேவையில்லாமல் தன் மேலேயே செயல்படும் ஸ்கில்களுக்கு இந்த வேறுபாடே கிடையாது.

மாறுபவர் அதிகம் அழுத்தும் ஒரு ஸ்கில்லை மட்டும் முதலில் மாற்றி, பயிற்சிக் களத்தில் நடந்துகொண்டே எய்து பார்ப்பது நல்லது. அதன் தூரம் கைக்கு வந்தபின் அடுத்ததை மாற்றலாம். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால், தவறு எந்த விசையில் நேர்ந்தது என்பதே விளங்காது.