காய்ச்சல் வந்த தேதி என்ன?

ஒரு பெண்ணுக்கு ஆகஸ்ட் 3-ஆம் தேதி மாதவிலக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எப்போதுமே நாலைந்து நாள் முன்பின் ஆகும் என்பதால், அடுத்த மாதம் நாள் தள்ளிப் போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செப்டம்பர் 9 அன்று குளிர்க்காய்ச்சல் வந்தது. மூன்று நாள் நீடித்து 103 டிகிரி வரை ஏறியது. தெருமுனை மருந்துக் கடையில் “காய்ச்சலுக்கு ஒரு செட்” வாங்கி இரண்டு வேளை போட்டார். 15-ஆம் தேதி காலையில் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தால் இரண்டு கோடு. சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. “ஐயோ, தெரியாம மாத்திரை போட்டுட்டேனே” என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் மருத்துவரிடம் போய் அவர் கேட்கும் முதல் கேள்வி: “டாக்டர், இதைக் கலைச்சிடணுமா?”

மகப்பேறு மருத்துவர்கள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலும் அது தவறான இடத்தில் போய் நிற்கிறது. இந்தப் பெண் மாத்திரையை நினைத்து அழுகிறார். மருத்துவருக்கோ மாத்திரையைவிட அந்த 103 டிகிரியும் அது வந்த தேதியும்தான் முக்கியம்.

தேதி ஏன் முக்கியம்? கருத்தரிப்பு பொதுவாக மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து பதினான்காம் நாளை ஒட்டி நடக்கும். இவருக்கு அது ஆகஸ்ட் 17 வாக்கில் நடந்திருக்கும். அதன்பின் ஏறக்குறைய இரண்டு வாரம் கரு என்பது சில செல்களின் திரள்தான். முதல் வாரத்தின் கடைசியில்தான் அது கருப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் கடுமையான பாதிப்பு வந்தால் கரு தங்காமல் போய்விடும். இழந்தது சில செல்கள் மட்டுமே என்றால் மீதி செல்கள் அதை ஈடுகட்டிவிடும், குழந்தை முழுமையாகவே வளரும். உறுப்பு எதுவும் உருவாகத் தொடங்காததால், ஊனம் ஏற்பட அப்போது அநேகமாக வழியில்லை. இதே பெண்ணுக்கு அந்தக் காய்ச்சல் ஆகஸ்ட் 22-இல் வந்திருந்தால் மருத்துவர் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

மூன்றாவது வாரத்திலிருந்து கதை மாறுகிறது. கருவின் முதுகுப்புறத்தில் தட்டையாக இருக்கும் ஒரு தகடு, வெற்றிலையைச் சுருட்டுவதுபோல இரு ஓரமும் மேலெழுந்து நடுவில் ஒட்டிக் குழாயாகிறது. இதுதான் நரம்புக் குழாய். இதன் மேல்பகுதி மூளையாகிறது, கீழ்ப்பகுதி தண்டுவடமாகிறது. கருத்தரித்த 22-ஆம் நாள் வாக்கில் ஓரங்கள் ஒட்டத் தொடங்கி, 28-ஆம் நாளுக்குள் இரு முனையும் மூடிவிடும். மேல்முனை மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் முழுதாக வளராது, அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்முனை மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்தபடி இருக்கும்.

நம் பெண்ணின் கணக்கில் 22-ஆம் நாள் செப்டம்பர் 8. 28-ஆம் நாள் செப்டம்பர் 14. காய்ச்சல் அடித்தது 9 முதல் 11 வரை. இரண்டு கோடு பார்த்தது 15-ஆம் தேதி. கர்ப்பம் என்று தெரிந்த நாளுக்கு முந்தைய நாளே அந்தக் குழாய் மூடும் வேலை முடிந்துவிட்டது.

உடல் சூடு கருவைப் பாதிக்கும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் சிட்னியைச் சேர்ந்த கால்நடை மருத்துவ ஆய்வாளர் மார்ஷல் எட்வர்ட்ஸ். 1960-களில் அவர் சினையான கினிப் பன்றிகளைச் சூடான அறையில் சிறிது நேரம் வைத்து, அவற்றின் உடல் வெப்பத்தை ஏற்றிப் பார்த்தார். குட்டிகளின் மூளை வளர்ச்சி குன்றியது. வேகமாகப் பிரியும் செல்களால் அதிக வெப்பத்தைத் தாங்க முடியவில்லை. மனிதர்களிடம் பின்னர் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கருவின் முதல் நாலு வாரத்தில் தாய்க்குக் கடுமையான காய்ச்சல் வந்தால் நரம்புக் குழாய்க் குறை ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று தெரிகிறது. பொதுவாக 102 டிகிரியைத் தாண்டினால் கவனம் தேவை என்கிறார்கள். ஒருநாள் 99, 100 அடித்துவிட்டுப் போகும் உடம்புச்சூட்டை இதில் சேர்க்க வேண்டியதில்லை.

“இரண்டு மடங்கு” என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு படபடக்கும். எதில் இரண்டு மடங்கு என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் நான்கைந்து குழந்தைகளுக்கு இந்தக் குறை இருக்கிறது. அது இரட்டித்தால் எட்டு, பத்து ஆகும். மீதி 990 குழந்தைகளுக்கு இந்தக் குறை இல்லை. அதனால் மருத்துவர் இந்தப் பெண்ணிடம் “கலைக்க வேண்டாம், கவனமாகப் பார்க்கலாம்” என்பார். அந்தப் பதிலில் நான் முழுமனதாக உடன்படுகிறேன். நூறில் ஒரு பங்கு அபாயத்துக்குப் பயந்து, ஆசையாகச் சுமந்த கருவை ஆறாவது வாரத்திலேயே கலைத்துவிட்டு வருவது பெரிய துயரம்.

பார்ப்பதற்கு வழிகள் இருக்கின்றன. முதலில் ஏழெட்டு வாரத்தில் ஒரு ஸ்கேன். மாதவிலக்கு முன்பின் ஆகிறவர்களுக்குத் தேதிக்கணக்கு பிசகலாம், அதனால் கருவின் நீளத்தை அளந்து வயதைச் சரிசெய்வார்கள். வயது ஒரு வாரம் குறைந்தால், காய்ச்சல் விழுந்த நாளும் அந்த ஒரு வாரம் முன்னே நகர்ந்துவிடும். அடுத்து 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் மண்டையோடு உருவாகியிருப்பது தெரிந்துவிடும். 16 முதல் 18 வாரத்தில் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனை செய்யலாம். முதுகு திறந்திருந்தால் கருவிலிருந்து கசியும் அந்தப் புரதம் தாயின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும். 18 முதல் 20 வாரத்தில் அனாமலி ஸ்கேனில் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகப் பார்ப்பார்கள். நம் நாட்டின் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தத்தின்படி, கருவுக்குக் கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் வழி இருக்கிறது. அவசரப்பட்டு ஆறாவது வாரத்தில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இனி மாத்திரைக்கு வருவோம். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு காய்ச்சல் வந்தால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? “மாத்திரை வேணாம்மா, குழந்தைக்கு ஆகாது. கஷாயம் வச்சுத் தரேன், போர்த்திப் படு” என்பார் மாமியார். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் அப்படிப் போர்த்திப் படுப்பதில் உடம்பின் சூடு இன்னும் ஏறும். கர்ப்பிணிக்குக் காய்ச்சலைக் குறைக்க மருத்துவர்கள் முதலில் தருவது பாராசிட்டமால்தான். 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், தேவைப்படும் நாட்களுக்கு மட்டும். அதனால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்ற பேச்சு அண்மையில் பரவியது. ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2024-இல் வெளியானது. ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரர்களை ஒப்பிட்டபோது, பாராசிட்டமாலுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. மாத்திரையோடு நிறையத் தண்ணீர், மெல்லிய துணி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் எல்லாம் சூட்டைத் தணிக்கும். மாத்திரை போட்டும் காய்ச்சல் 102-க்குக் கீழே இறங்கவில்லை என்றாலோ, இரண்டு நாளைத் தாண்டினாலோ, மருத்துவரிடம் போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அது டெங்குவாக இருக்கலாம், மூத்திரக்காயில் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். கர்ப்பத்தில் கவனிக்காமல் விட்ட சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறிப் பெருங்காய்ச்சலாக மாறும். அதற்கு அமாக்ஸிசிலின், செஃபலெக்ஸின் போன்ற பழகிய மருந்துகள் உண்டு. முதல் மூன்று மாதத்தில் தவிர்க்கப்படும் மருந்துகளில் ஒன்று கோட்ரைமாக்ஸசோல், ஏனென்றால் அது ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது.

அந்த “செட்” மாத்திரைக்கு நான் கடும் எதிர்ப்பாளி. கடைக்காரர் அட்டையிலிருந்து நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டுத் தரும் மூன்று நான்கு மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பாராசிட்டமாலோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். டெங்குவாக இருந்தால் அந்த வலி மாத்திரையே ரத்தக்கசிவைக் கூட்டும். நம் பெண் இரண்டு வேளைதான் போட்டார், அதனால் கருவுக்குப் பெரிய கெடுதல் வந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் என்ன போட்டார் என்று மருத்துவர் கேட்டபோது “வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு” என்பதைத் தவிர அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

உண்மையிலேயே கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்துகளின் பட்டியல் நாம் பயப்படும் அளவுக்கு நீளமில்லை. அவை பெரும்பாலும் இரண்டு வேளைக் காய்ச்சல் மாத்திரைகள் அல்ல, மாதக்கணக்கில் எடுப்பவை. வலிப்புக்கும் மனநலக் கோளாறுக்கும் தரும் சோடியம் வால்ப்ரோயேட் எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை இருக்கிறது, முதுகுப் பிளவும் அதில் அடக்கம். கடும் பருக்களுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் அதைவிட மோசம். அதை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும். வலிப்பு மருந்தை மட்டும் யாரும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வந்தால் தாயும் குழந்தையும் சேர்ந்தே ஆபத்தில் விழுவார்கள். கல்யாணம் பேசும்போதே மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ள முடியும்.

தொற்றுகளிலும் அப்படித்தான். சாதாரண சளி, வயிற்றுப்போக்கு எல்லாம் கருவைச் சென்று தொடுவதில்லை. ரூபெல்லா தொடும். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் விசாரித்து, அவர்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். முதல் பத்து வாரத்துக்குள் தாய்க்கு அது வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம். கண், காது, இதயம் மூன்றும் போகும். தாய்க்கோ லேசான காய்ச்சலும் இரண்டு மூன்று நாள் சிவந்த தடிப்பும்தான் இருக்கும், அதுவும் சிலருக்குத் தெரியாது. நரம்புக் குழாயைக் கெடுக்க 103 டிகிரி தேவை, ரூபெல்லாவுக்கு 99 டிகிரியே போதும்.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. 2002-க்கு முன் பிறந்த பெண்கள் அந்த முகாமின் வயதைத் தாண்டியவர்கள். இன்று முதல் குழந்தையைச் சுமக்கும் வயதில் இருப்பவர்களில் பலர் அவர்கள்தான். ஊசி போட்டது உறுதியாகத் தெரியாவிட்டால், கர்ப்பம் தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாகவாவது எம்.எம்.ஆர். போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமான பிறகு போட மாட்டார்கள்.

ஃபோலிக் அமிலமும் அப்படித்தான். தினமும் 400 மைக்ரோகிராம். முன்பு இந்தக் குறையோடு குழந்தை பிறந்தவர்களுக்கும் வால்ப்ரோயேட் எடுப்பவர்களுக்கும் மருத்துவர் அதைவிடப் பத்து மடங்கு தருவார். நம் பெண்ணுக்கு செப்டம்பர் 16-ஆம் தேதி அந்த மாத்திரையை எழுதித் தந்தார்கள். நரம்புக் குழாய் 14-ஆம் தேதியே மூடிவிட்டது. குழந்தை வேண்டும் என்று தீர்மானிக்கிற மாதத்திலிருந்தே அந்தச் சின்ன மாத்திரையைத் தொடங்குங்கள்.