சக்கரம் உருண்டால்தான் சம்பளம்

காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து டெல்லி கிளம்பும் விமானத்தின் கோ-பைலட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால்தான் ஐந்து மணிக்கு விமான நிலையத்தில் ஆஜராக முடியும். வானிலை, எரிபொருள், பயணிகள் எண்ணிக்கை எல்லாம் பார்த்துவிட்டு 6.00 மணிக்கு விமானத்தை நகர்த்துகிறார். 8.50க்கு டெல்லி. ஐம்பது நிமிடம் தரையில். 9.40க்குக் கிளம்பி 12.30க்குச் சென்னையில் வந்து நிற்கிறார். பணியில் இருந்தது ஏழரை மணி நேரம். சம்பளக் கணக்கில் ஏறுவது 5 மணி 40 நிமிடம்தான்.

காரணம், விமானி பேசும் மணிக்கணக்கு வேறு. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போய் நிற்கும் வரையான நேரம் 'பிளாக் ஹவர்'. டெல்லிப் பனிமூட்டத்தில் நகராமலே ஒரு மணி நேரம் காத்திருந்தால் அது கணக்கில் வராது. நகர்ந்த பிறகு ஓடுபாதைக்குப் போகும் வரிசையில் அதே ஒரு மணி நேரம் நின்றால் வரும். பயணிகளை ஏற்றி, பைகளை மேலே வைக்க உதவி, சீட் பெல்ட் சரிபார்க்கும் கேபின் க்ரூவுக்கும் பல நிறுவனங்களில் இதே அளவுகோல்தான். அவர்களுடைய கடினமான வேலையில் ஒரு பகுதி கதவு மூடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பதால், இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எத்தனை மணி நேரம் பறப்பது என்பதை விமானி தீர்மானிப்பதில்லை. ரோஸ்டர் போடுகிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். விமானம் பழுதாகி நிற்கலாம், சீசன் மந்தமாகலாம், பயிற்சிக்கு அனுப்பலாம். அதற்காகத்தான் 'கேரண்டீட் ஹவர்ஸ்': பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணி நேரத்துக்குப் பணம் உண்டு என்ற உறுதி. அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு என்று தனியாகச் சேரும்.

இந்த உறுதி குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஏப்ரலில் பார்த்தோம். ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாரா, 70 மணி நேர உறுதியை 40 ஆக்கும் புதிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. விமானிகள் பலர் உடல்நிலை சரியில்லை என்று விடுப்பு எடுக்க, விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாயின.

முப்பது மணி நேர வித்தியாசம் என்ன செய்யும்? கணக்குக்காக மணிக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் 80 மணி நேரம் பறந்தால் இரண்டு ஒப்பந்தத்திலும் நான்கு லட்சம்தான். 55 மணி நேரம் மட்டும் பறந்த மாதத்தில் பழைய ஒப்பந்தத்தில் மூன்றரை லட்சம் வரும், புதியதில் 2,75,000. பயிற்சிக் கடனுக்குத் தவணை கட்டும் இளம் விமானிக்கு அந்த 75,000 பெரிய தொகை. இன்னொன்றும் இருக்கிறது. காய்ச்சலோடு எழுகிறவர், இன்று பறக்காவிட்டால் பணம் போய்விடும் என்று யோசிக்கத் தொடங்குவார். உறுதி மணி நேரத்தைக் குறைப்பது பாதுகாப்பிலும் கை வைப்பது என்று நான் சொல்வது இதனால்தான்.

மேல் எல்லையை அரசு விதிக்கிறது. விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. சராசரியாக மாதம் 83. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் விமானிகளுக்கான விதிகளை மேலும் இறுக்கியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை என்றிருந்த 'இரவு' ஆறு மணி வரை நீண்டது. இரவுப் பணியில் ஆறு தரையிறக்கம் வரை இருந்த அனுமதி இரண்டாகக் குறைந்தது. கடைசிக் கட்டம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்ததும், அதற்கேற்ற அளவுக்கு விமானிகள் இல்லாமல் டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. இயக்குநரகம் தற்காலிகத் தளர்வு தர நேர்ந்தது. தவித்த பயணிகள் பலர் விதியைத் திட்டினார்கள். தூக்கம் கெட்ட விமானி நான்காவது முறையாக இருட்டில் இறங்குவதைத் தடுக்கத்தான் அந்த விதி.

கடைசியாக, 'பெர் டியம்'. வெளியூரில் இரவு தங்கினால் அறையை நிறுவனமே தரும். சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் தரும் படி இது. சில இடங்களில் இரவுக் கணக்கு, சில இடங்களில் ஊரை விட்டுக் கிளம்பித் திரும்பும் வரையான மணிக்கணக்கு. அடிப்படைச் சம்பளம் குறைவான கேபின் க்ரூவுக்கு மாத வரவில் இதன் பங்கு பெரிது. ஆனால் விடுப்பிலோ மகப்பேறிலோ இருக்கும் மாதத்தில் இது வராது. இதையும் சேர்த்து வீட்டுக் கடன் தவணையை முடிவு செய்தவர்கள் அந்த மாதங்களில் திண்டாடுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கையில் விமான நிறுவனத்தின் பணி ஆணை வந்தால், மாதம் இவ்வளவு லட்சம் என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். உறுதி மணி நேரம் எத்தனை, விடுப்பு எடுத்தால் அதில் கழிப்பார்களா, மொத்தத்தில் பெர் டியம் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.