கல்லீரலில் மாறும் ஒரு முனை

உடம்பெல்லாம் தடிப்பு எழுந்து அரித்தால் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளில் ஹைட்ராக்ஸிசின் பழையது, செட்ரிசின் புதியது. பழையதை விழுங்கிய சற்று நேரத்தில் பலருக்குக் கண் செருகிவிடும். புதியதில் அந்தத் தொல்லை குறைவு. இத்தனைக்கும் இரண்டும் தாயும் பிள்ளையும். ஹைட்ராக்ஸிசினைக் கல்லீரல் ஆக்சிஜனேற்றம் செய்யும்போது பிறப்பதுதான் செட்ரிசின்.

தோலில் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினுக்கு மூளையில் வேறு வேலை. ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் சுமார் 64,000 நரம்பணுக்கள் திரண்டிருக்கின்றன. மூளையின் அளவுக்கு இது மிகச் சொற்பம். ஆனாலும் அவற்றின் இழைகள் பெருமூளைப் புறணி முழுக்கப் பரவி, நாம் விழித்திருக்கும்வரை அங்கே ஹிஸ்டமினைச் சுரக்கின்றன. உறங்கியதும் அந்த அணுக்கள் அடங்கிவிடும். சுரந்த ஹிஸ்டமின் புறணி அணுவின் எச்-1 ஏற்பியில் அமர்ந்ததும், அணுவிலிருந்து பொட்டாசியம் கசிவது குறைகிறது. அதனால் சிறு தூண்டலுக்கும் அது சட்டென்று விழித்துக்கொள்கிறது. மருந்து அந்த ஏற்பியில் முந்தி உட்கார்ந்துவிட்டால் ஹிஸ்டமின் சுரந்தும் பயனில்லை. கவனம் நழுவும், இமை கனக்கும்.

ஆனால் மருந்து முதலில் மூளைக்குள் போக வேண்டுமே. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் அணுக்கள் இடைவெளியில்லாமல் ஒட்டியிருப்பதால், அணுக்களின் கொழுப்புச் சவ்வில் கரைந்துதான் பெரும்பாலான மருந்துகள் உள்ளே போக முடியும். ஹைட்ராக்ஸிசின் கொழுப்பில் நன்றாகக் கரையும், தடையின்றிப் போய்விடும். குளோர்ஃபெனிரமின் போன்ற மற்றப் பழைய மருந்துகளும் அப்படியே.

கல்லீரல் செய்வது ஒரே மாற்றம்தான்: மூலக்கூறின் ஆல்கஹால் முனையை அமில முனையாக்குகிறது. இரத்தத்தில் அந்த முனை எதிர்மின்னூட்டம் பெறுகிறது. மின்னூட்டம் சுமந்த மூலக்கூறு கொழுப்புச் சவ்வில் எளிதில் கரையாது. மீறி நுழைந்ததையும், சுவரணுக்களில் பம்பு போல இயங்கும் பி-கிளைக்கோபுரதம் இரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளை வளர்த்துச் சோதித்தபோது, அவற்றின் மூளையில் செட்ரிசின் கூடுதலாகச் சேர்ந்தது. ஹைட்ராக்ஸிசின் அளவில் மாற்றமே இல்லை. பழைய மருந்தை அந்தப் பம்பு கண்டுகொள்வதே இல்லை என்பது அதில் தெளிவானது.

மருந்து ஏற்பிகளை எவ்வளவு பிடிக்கிறது என்பதை மனித மூளையிலும் அளந்திருக்கிறார்கள். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் எச்-1 ஏற்பியில் ஒட்டும் டாக்ஸெபினில் கதிரியக்கம் ஏற்றிச் செலுத்தி, பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 30 மில்லிகிராம் ஹைட்ராக்ஸிசின் புறணியின் எச்-1 ஏற்பிகளில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்திருந்தது. 10 மில்லிகிராம் செட்ரிசின் பிடித்தது எட்டில் ஒரு பங்கு. அளவை இரட்டித்தபோது அது நான்கில் ஒரு பங்கானது. அரிப்பு அடங்கவில்லை என்று நாமாகவே இரண்டு மாத்திரை போடுவது சரியல்ல என்பது இதனால்தான். இன்னொரு புதிய மருந்தான ஃபெக்ஸோஃபெனடினோ ஏறக்குறைய எதையும் பிடிக்கவில்லை.

மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லையே என்று வண்டியை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் மாதிரி வாகனத்தில் நடந்த சோதனையில், பழைய மருந்தான டைஃபென்ஹைட்ரமின் எடுத்தவர்கள் மது அருந்தியவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். தூக்கமாக இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டு வாங்கிய பதிலை வைத்து, யார் தடுமாறுவார் என்று கணிக்க முடியவில்லை.