குழந்தை பெறும் எண்ணமே இல்லை... கனவில் மட்டும் பச்சைக்குழந்தை வருவது ஏன்?

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் ஓர் இளம்பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்யாணம் ஆகவில்லை. ஆனால் கனவில் அவர் பையில் ஒரு பூனைக்குட்டி. பால் கொடுக்க மறந்துவிட்டோமே என்று பதறி எழுகிறார். காலையில் சொன்னால் ஆயா கேட்பார்: “இன்னா, சீக்கிரம் வீட்ல விசேஷம் வருமோ?”

கனவு என்ன சொல்கிறது?

சின்ன விலங்குகள் கனவில் குழந்தைகளையும் உடன்பிறப்புகளையும் குறிக்கும் என்றார் ஃப்ராய்டு. அதற்குப் பிறகு வந்த கால்வின் ஹால், ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்து, யார் வந்தார்கள், என்ன நடந்தது, என்ன உணர்ச்சி என்று எண்ணிப் பார்த்தார். அவர் கண்டது சிம்பிள்: பகலில் மனசு எதைச் சுமக்கிறதோ, அதுதான் பெரும்பாலும் இரவிலும் வருகிறது.

2007-ல் மான்ட்ரியலில் 273 பெண்களிடம் நடந்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். குழந்தை ஆபத்தில் இருப்பதாகக் கனவு கண்டவர்கள், கர்ப்பிணிகளில் 42 சதவீதம். பிரசவம் முடிந்தவர்களில் 73 சதவீதம். குழந்தை கைக்கு வந்து, பொறுப்பு நிஜமான பிறகுதான் பயக்கனவு கூடுகிறது. அதாவது, கனவு வரப்போவதைச் சொல்வதைவிட, கையில் இருப்பதைத்தான் அதிகம் பேசுகிறது.

அந்தப் பூனைக்குட்டி யார்?

நம் வைத்திக்குப்பம் பெண்ணுக்கே வருவோம். ஆறு நாளுக்கு முன்தான் அவர் அப்பா ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். மாத்திரை வேளை பார்ப்பது இவர் பொறுப்பு. நேற்று நடந்தது மட்டுமல்ல, 5 முதல் 7 நாள் முன்பு நடந்ததும் கனவில் தலைகாட்டும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கே பூனைக்குட்டியை விட முக்கியமான தடயம், ‘மறந்துட்டேனே’ என்ற பதற்றம். பாலும் மாத்திரையும் வேறு, உணர்ச்சி ஒன்றுதான்.

இதே கனவு இன்னொருவருக்கு, ஆபீஸில் புதிதாகத் தலையில் விழுந்த புராஜெக்ட்டாக இருக்கலாம். குட்டி சொகுசாகத் தூங்கியது, மனசு நிறைந்தது என்றால் அர்த்தமே வேறு. அதனால்தான் ‘குழந்தை வந்தால் இதுதான் பலன்’ என்ற பட்டியல் எல்லாருக்கும் பொருந்தாது.

நீங்களே பார்ப்பது எப்படி?

எழுந்ததும் போனில் வேறு எதையும் திறக்காமல் மூன்று வரி எழுதுங்கள்: யார் வந்தது, நான் என்ன செய்தேன், எப்படி இருந்தது. பக்கத்தில் அந்த வாரம் நடந்ததைக் குறியுங்கள். நாலைந்து கனவு சேர்ந்தால்தான் இழை தெரியும்; ஒரே கனவை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

எப்போது கவனம் தேவை?

கனவு கர்ப்பத்தைச் சொல்லாது. நாள் தள்ளிப்போயிருந்தால் டெஸ்ட்தான் சொல்லும். கருச்சிதைவையோ குழந்தை இழப்பையோ கடந்தவருக்கு இது துக்கத்தின் கனவாக இருக்கலாம். அவரிடம் ‘விசேஷமா’ என்று கேட்பது காயத்தைக் கிளறும். பயக்கனவு அடிக்கடி வந்து தூக்கத்தைக் கெடுத்தால், மனநல மருத்துவரைப் பார்க்கலாம். கனவின் முடிவைப் பகலிலேயே மாற்றி எழுதி, மனதில் ஓட்டிப் பழகும் பயிற்சி இதற்கு உண்டு. அந்தப் பெண்ணின் கதையில், குட்டிக்குப் பால் கொடுத்துவிடுவதே புது முடிவு.