முப்பது மாத்திரையா, நாலு மாத்திரையா?

என் சித்தி மகன் டி.பார்ம் முடித்துவிட்டுப் பத்து வருடம் அடுத்தவர் கடையில் நின்றவன். போன தை மாதம் தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சொந்தமாக மெடிக்கல்ஸ் திறந்தான். எதிரிலேயே கிளினிக். சாயங்காலம் ஆறரைக்கு டாக்டர் வந்து உட்கார்ந்தால் ஒன்பது மணி வரை கூட்டம் குறையாது. லைசென்ஸ், ரேக், ஃபிரிட்ஜ், பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் வந்த பிறகு எனக்குப் போன் செய்தான். "அண்ணே, எஸ்.ஓ.பி. ஒண்ணு வேணும். உங்க ஆஸ்பத்திரியில இருக்கிறத அனுப்புங்க, பேர மாத்திக்கிறேன்."

அனுப்பி வைத்தேன். பதினாறு பக்கம். தப்பு என்னுடையதுதான்.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்தப் பதினாறு பக்கமும் பிளாஸ்டிக் கவரோடு குளுக்கோஸ் பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. "இரண்டாம் மருந்தாளுநர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார்" என்று அதில் இருந்தது. கடையில் மருந்தாளுநர் ஒரே ஆள், அவன்தான். கூட இருப்பது அவன் மனைவியும், சாயங்காலம் மட்டும் பில் போட வரும் ஒரு பெண்ணும். செய்ய முடியாத ஒரு வரி முதல் பக்கத்திலேயே இருந்தால் மீதிப் பக்கத்தை யார் படிப்பார்கள்?

அன்று இரவு ஏழேகால் மணிக்கு நடந்ததைப் பார்த்த பிறகுதான் புதிதாக எழுத உட்கார்ந்தோம்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா சீட்டை நீட்டினார். ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டரில் அச்சடித்த சீட்டு, கையெழுத்துப் புரியாத பிரச்னையே இல்லை. மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம். வேளைக் கட்டத்தில் 0-0-1. காலக் கட்டத்தில் ஒரு மாதம். பில் போடும் பெண் இதைத்தான் பார்த்தாள். ராத்திரி ஒன்று, முப்பது நாள், ஆக முப்பது மாத்திரை. மூன்று அட்டையை எடுத்து வைத்துவிட்டாள். அடுத்த வரியில், பொடி எழுத்தில், குறிப்பு என்ற இடத்தில் "வாரம் ஒருமுறை" என்று இருந்தது.

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இந்த மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி படுத்துவிடும். முதலில் வாய்ப்புண் வரும், பிறகு காய்ச்சல், தோலில் ரத்தக் கட்டு. வாய்ப்புண்ணுக்கு மருந்து கேட்டு அதே கடைக்கே வருவார்கள். அதற்கு ஜெல் கொடுத்து அனுப்புகிற கடையும் உண்டு. உலகமெங்கும் இந்த ஒரு தவறு உயிர்களை வாங்கியிருக்கிறது.

தம்பி கவனித்துவிட்டான். மூன்று அட்டை என்பதுதான் அவன் கண்ணை உறுத்தியது. "எதுக்கும்மா இந்த மாத்திர?" என்றான். "வெரல் மூட்டெல்லாம் வீங்கிக்கிடுதுய்யா. புதன்கிழம மட்டும் போடணும்னு டாக்டர் சொன்னாரு" என்றார் அந்த அம்மா. சரியான பதில் கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் மூன்று அட்டையும் பைக்குள் போயிருக்கும்.

கடையைச் சாத்திய பிறகு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தோம். ஒரு தாளின் இரண்டு பக்கம்தான், அதற்கு மேல் போகக் கூடாது என்று முடிவு. ஒவ்வொரு வரியிலும் யார் செய்வது, கை எங்கே இருக்கும், செய்ய முடியாவிட்டால் என்ன என்ற மூன்றும் இருக்க வேண்டும். "மருந்துச் சீட்டைக் கவனமாகச் சரிபார்க்கவும்" என்று எழுதினால் அது வரியே இல்லை. கவனமில்லாமல் பார்த்தவனும் கவனமாகத்தான் பார்த்தேன் என்பான்.

சட்டம் கேட்பதை நாலு வரியில் முடித்தோம். சீட்டில் டாக்டர் கையெழுத்தும் தேதியும் நோயாளியின் பெயர், முகவரியும் மருந்தின் அளவும் இருக்க வேண்டும். மருந்து கொடுத்ததும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடை முத்திரையும் தேதியும் விழ வேண்டும். திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு இரண்டாம் முறை மருந்து இல்லை, முத்திரைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். எச்1 பட்டியல் மருந்துக்குத் தனிப் பதிவேடு. 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து இருக்கிற விதி இது. செஃபிக்சிம், டிராமடால், அல்பிரசோலம் எல்லாம் இதில் வரும். டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இதை எப்போது எழுதுவது என்பதில்தான் கடைகள் வழுக்குகின்றன. ராத்திரி மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் சீட்டு வீட்டுக்குப் போயிருக்கும், டாக்டர் பெயர் நினைவில் இருக்காது. "பில் அடிக்கும் முன் பதிவேடு" என்று எழுதினோம். அந்த நோட்டு இப்போது கம்ப்யூட்டர் விசைப்பலகை மேலேயே கிடக்கிறது, அதை நகர்த்தாமல் பில் அடிக்க முடியாது.

பிறகு அந்த முப்பது மாத்திரைக்கு வந்தோம். கம்ப்யூட்டர் எண்ணிக்கையைத் தானே பெருக்கிக் காட்டுகிறது. அதனால் ஆள் எண்ணுவதில்லை. புது வரி இப்படி: "ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வேளைக்கு எத்தனை, வாரத்தில் எத்தனை வேளை, எத்தனை வாரம் என்று பென்சிலால் பில்லின் பின்பக்கம் பெருக்கு. குறிப்புக் கட்டத்தைப் படித்து முடிக்கும் முன் பெருக்காதே." அந்த அம்மாவின் சீட்டில் கணக்கு என்ன? நாலு வாரம், வாரத்துக்கு ஒன்று, மெத்தோட்ரெக்சேட் நாலே நாலு. கூடவே ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம், புதன் தவிர மற்ற நாள், அதாவது வாரத்துக்கு ஆறு, நாலு வாரத்துக்கு இருபத்துநாலு. கேடு எங்கே என்றால், இரண்டுமே சின்ன மாத்திரை, பல கம்பெனியில் இரண்டுமே மஞ்சள். வீட்டில் மாறிப்போனால் ஃபோலிக் ஆசிட் வாரம் ஒருமுறையும் மெத்தோட்ரெக்சேட் தினமும் உள்ளே போகும்.

ஆகவே அந்த ஒரு மருந்துக்கு மட்டும் தனியாக மூன்று வரி. நாலு வாரத்துக்கு மேல் தருவதில்லை. ஃபோலிக் ஆசிட் போட்ட கவரில் இதைப் போடுவதில்லை. கவரில் கிழமையின் பெயரை முழுசாக எழுத வேண்டும், சீட்டில் கிழமை இல்லாவிட்டால் டாக்டருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். சிலர் "செவ்வாச் சந்தை அன்னிக்கு" என்பார்கள். கவரில் அதையும் சேர்த்து எழுதிவிடலாம், மறக்கவே மாட்டார்கள். மாத்திரை ரேக்கில் 'ம' வரிசையில் இல்லை இப்போது. கல்லாவுக்குக் கீழே தனி டப்பாவில் இருக்கிறது, சாவி தம்பியிடம்.

அட்டையை வெட்டுவதற்கும் ஒரு வரி போட்டோம். நாலு மாத்திரைக்காக வெட்டும்போது பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் உள்ள முனை கடையில் தங்க வேண்டும், கடைசி வரை. கொடுக்கிற துண்டில் பெயர் தெரியாவிட்டால் கவரில் மருந்தின் பெயர், அளவு, பேட்ச், எக்ஸ்பயரி நான்கும் கையால் எழுத வேண்டும்.

ஒரே மருந்தாளுநர் இருக்கும் கடையில் இரண்டாம் பார்வை யாருடையது? இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எடுத்த ஆளே உடனே சரிபார்த்தால் கண் தான் எதிர்பார்த்ததையே படிக்கும். டெல்மிசார்டன் 40 கேட்ட இடத்தில் டெல்மிசார்டன் 40 ஏ.எம். கையில் வந்திருந்தால், பின்னால் ஒட்டியிருக்கும் அந்த இரண்டு எழுத்தைக் கண் விழுங்கிவிடும். அது அம்லோடிபின் சேர்ந்த வேறு மாத்திரை. அதனால் வேலையை உடைத்தோம். எடுப்பது மனைவி அல்லது அந்தப் பெண். எடுத்ததைச் சீட்டோடு சேர்த்து நீலத் தட்டில் வைப்பார்கள். தட்டைத் தொடுவது தம்பி மட்டும். அவன் சீட்டிலிருந்து அட்டைக்குப் போவதில்லை. முதலில் அட்டையில் உள்ளதை வாய்விட்டுப் படிப்பான், பிறகு சீட்டில் அது இருக்கிறதா என்று தேடுவான். திசையை மாற்றினால் கூடுதலாக ஒட்டிய எழுத்து தானாகக் காதில் விழும். அவனே எடுத்தால்? தட்டை வைத்துவிட்டு இன்னொரு ஆளுக்குப் பில் போட்டுவிட்டுத்தான் திரும்ப வர வேண்டும். மத்தியானம் அவன் சாப்பிடப் போனால் சீட்டு மருந்து கிடையாது, "மருந்தாளுநர் 2.30க்கு வருவார்" என்று பலகை தொங்கும். முதல் வாரம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

கொடுக்கும் இடத்துக்கு எழுதியது ஒரே ஒரு கேள்வி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "டாக்டர் எப்படிச் சாப்பிடச் சொன்னாரு?" என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். அவர்கள் சொல்வதும் சீட்டும் ஒத்துவராவிட்டால் தட்டு உள்ளே திரும்பும்.

இதே கேள்வி சீட்டில் இல்லாத பொருளுக்கும் தேவைப்பட்டது. இன்சுலின் ஊசி கேட்டு வருகிறவர் வெறும் "ஊசி" என்பார். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். எனவே வரி: "குப்பியையோ அதன் போட்டோவையோ பார்க்காமல் ஊசி தராதே."

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. தட்டில் பிடிபட்ட தவறு ஒவ்வொன்றும் அதில் ஏறும். நேரம், மருந்து, எது எதுவாக மாறியது, இவ்வளவுதான். யார் எடுத்தார்கள் என்ற கட்டம் கிடையாது. அந்தக் கட்டம் இருந்தால் நோட்டு காலியாகவே இருக்கும். தட்டையும் தாண்டி வெளியே போனது என்றால், பில்லில் உள்ள நம்பருக்கு உடனே போன், பிறகு டாக்டருக்குப் போன், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு. இதற்காகவே போன் நம்பர் இல்லாமல் பில் அடிப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். 19 பதிவு. அதில் 12, ராத்திரி ஏழுக்கும் எட்டரைக்கும் நடுவில். அந்தப் பன்னிரண்டில் பாதிக்கு மேல், எடுத்துக்கொண்டிருக்கும்போது டோர் டெலிவரிக்காக யாரோ போன் செய்திருக்கிறார்கள். இப்போது எஸ்.ஓ.பி.யின் மூன்றாம் திருத்தம் நடப்பில் இருக்கிறது. ஏழிலிருந்து எட்டரை வரை அந்தக் கடையில் டெலிவரி போன் எடுப்பதில்லை.