கட்டைவிரல் தேடும் சொரசொரப்பு

"நகத்தைக் கடிக்காதே, தரித்திரம்" என்று சொல்லியும், விரல் நுனியில் வேப்பெண்ணெய் தடவியும் பார்த்தாயிற்று. அக்கா மகளுக்கு 19 வயதாகியும் நகம் கடிப்பது நிற்கவில்லை. வேப்பெண்ணெய்க் கசப்பே அவளுக்குப் பழகிவிட்டது. சென்ற ஆண்டு சுட்டுவிரலில் நகச்சுற்று வந்து சீழ் வைத்தபோது என்னிடம் சொன்னாள்: "நான் என்ன வேணும்னா கடிக்கிறேன், சித்தி? கடிச்சு முடிச்ச பிறகுதானே கடிச்சதே தெரியுது!"

அவள் சொன்னது உண்மை. திட்டும் கசப்பும் தோற்பதற்குக் காரணமும் அதுதான். அவை வரும்போது கை வாய்க்குப் போய்விட்டிருக்கும். நகம் கடிப்பது, தோலைக் கிள்ளுவது, முடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிய்ப்பது மூன்றுக்கும் ஒரே ஓட்டம் உண்டு. முதலில் ஒரு தூண்டுதல், பிறகு கையின் செயல், முடிவில் சிறு நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் கையை அங்கே இழுக்கிறது. பதற்றத்தில் மட்டும் இது நடப்பதில்லை. வேலையின்றிச் சலித்து உட்கார்ந்திருக்கும்போதும் கை கிளம்பும்.

அமெரிக்க உளவியலாளர்கள் நாதன் அஸ்ரின், கிரெகரி நன் இருவரும் 1973இல் இதற்கு ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். பழக்க மாற்றுப் பயிற்சி என்று அதைச் சொல்லலாம். நிறுத்து என்று அதில் யாரும் சொல்வதில்லை. முதலில் கையைக் கவனிக்க வேண்டும், பிறகு அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

ஒரு வாரம் அவள் எதையும் மாற்றவில்லை. கடித்ததை உணரும்போதெல்லாம் நேரம், இடம், அதற்குச் சற்று முன் கை என்ன செய்தது, மனம் எப்படியிருந்தது என்று சின்ன நோட்டில் குறித்தாள். பெரும்பாலும் இரண்டே இடங்கள்: கணக்கு விடை வராமல் முட்டி நிற்கும் மேசை, படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கும் கட்டில். நான்காம் நாள் இன்னொன்று பிடிபட்டது. வாய்க்குப் போவதற்கு முன் அவள் கட்டைவிரல் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறது. எங்காவது சொரசொரப்போ பிசிறோ தட்டுப்பட்டால் அந்த விரல்தான் வாய்க்குப் போகிறது. பல்லால் கடித்த நகம் ஒருபோதும் நேராக இருக்காது. நேற்றுக் கடித்த பிசிறே இன்றைய தூண்டுதல். பழக்கம் தனக்கு வேண்டிய தீனியைத் தானே விளைவித்துக்கொள்கிறது!

அந்தத் தடவலைத்தான் எச்சரிக்கையாக வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் தேடத் தொடங்கியதும் அதை உள்ளே மடக்கி, மென்மையாகக் கையை மூடி, மடியில் ஒரு நிமிடம் வைத்திருப்பாள். அஸ்ரினும் நன்னும் மூன்று நிமிடம் வரை வைக்கச் சொன்னார்கள். பின்னாளில் பலரும் ஒரு நிமிடம் போதும் என்கிறார்கள். மாற்றுச் செயல் எதுவானாலும் சரி, அதைச் செய்யும்போது கடிக்க முடியாததாக இருக்க வேண்டும், வகுப்பில் நாலு பேர் நடுவிலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பலர் ரப்பர் பந்து வாங்கித் தோற்பது இங்கேதான், வேண்டிய நேரத்தில் பந்து கையில் இருக்காது. பாதி கடித்த பிறகு நினைவு வந்தாலும் அங்கேயே நிறுத்திக் கையை மூட வேண்டும். பைக்குள் நகம் தேய்க்கும் சிறு அரம் ஒன்றும் வைத்திருந்தாள். ஒரு நிமிடம் கழித்துப் பிசிறை அதனால் தேய்த்துவிட்டால், விரல் தேடிய வழவழப்பு கடிக்காமலே கிடைத்துவிடும்.

அக்காவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. "கையை எடுடி" என்பதை விட்டுவிட்டு, மேசையை இரண்டு முறை தட்ட மட்டும் ஒப்புக்கொள்ள வைத்தோம். மூடிய கையைப் பார்த்தால் நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும். திட்டினால் கூடும் பதற்றமே விரலை வாய்க்கு அனுப்பிவிடும் என்பது அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது.

தோல் கிள்ளுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணாடியும் பளிச்சென்ற விளக்கும் தூண்டுதல். கண்ணாடி முன் நிற்கும் நேரத்தைக் குறைத்து, பொருக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டலாம். முடி சுருட்டுகிறவர்கள் படிக்கும் நேரத்தில் முடியை இறுகப் பின்னிக்கொள்ளலாம். ஆனால் தலையில் சொட்டை விழுந்தாலோ, புண் ஆறவிடாமல் கை போனாலோ வீட்டு வைத்தியம் போதாது, மனநல மருத்துவரிடம் போக வேண்டும். பிய்த்த முடியை விழுங்குகிற பிள்ளைக்கு வயிற்று வலியோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவமனை. முடி செரிக்காது, வயிற்றில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும்.

ஆறாவது வாரம் அவளுக்கு எட்டு விரல்களில் வெள்ளை விளிம்பு தெரிந்தது. பருவத் தேர்வு வந்ததும் மூன்று விரல்கள் பழையபடி ஆயின. அழவில்லை. நோட்டை எடுத்துப் புதிய பக்கத்தில் எழுதியிருந்தாள்: "இரவு 11. கட்டில். கட்டைவிரல் தேடியது. பார்த்துவிட்டேன்."